20 விநாடிக் கதை தாளிலேயே சிக்குகிறதா? குச்சி மனிதர் ஸ்டோரிபோர்டில் வரும் கோளாறுகளும் சரிசெய்யும் வழியும்

கைபேசியில் எடுக்கும் 20 விநாடிக் கதைக்கு ஸ்டோரிபோர்டு போட ஓவியம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஒரு வட்டத் தலை, ஐந்து கோடு, பென்சில், ரப்பர் போதும். வரைந்து முடித்த பிறகுதான் தொல்லை தொடங்குகிறது. நேரம் மீறுகிறது, காட்டினால் யாருக்கும் புரியவில்லை, கடைசிக் கட்டம் சப்பென்று போகிறது, எடுக்கப் போனால் அறையில் இடமே இல்லை. இங்கே அறிகுறிவாரியாகப் பிரித்திருக்கிறோம். ஒவ்வொன்றிலும் முதலில் சொல்வது ரப்பரால் அழித்தாலே சரியாவது. கடைசியில் சொல்வது நேரமோ காசோ கேட்பது. உங்கள் கோளாறு இருக்கும் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம். ஆனால் அதற்கு முன் அடுத்த பகுதியைப் படித்துவிடுங்கள், ஏனென்றால் எல்லாத் தலைப்பிலும் அதே தாளும் அதே கதையும்தான் வருகின்றன.

## முதலில்: தாளும் கதையும்

இரண்டு ஏ4 தாளை எடுத்து ஒவ்வொன்றையும் நான்காகக் கிழித்துக்கொள்ளுங்கள். எட்டுச் சீட்டு கிடைக்கும். ஒரு சீட்டு ஒரு ஷாட். சீட்டைப் படுக்கைவாக்கில் வைத்து, இடது பக்கம் 4.5 செ.மீ. அகலம், 8 செ.மீ. உயரத்தில் ஒரு கட்டம் போடுங்கள். கைபேசியை நிறுத்திப் பிடித்து எடுக்கும் 9:16 அளவு அதுதான். கட்டத்துக்கு வலப்பக்கம் மூன்று வரி: எத்தனை விநாடி, என்ன நடக்கிறது, என்ன சத்தம். முழுத்தாளில் வரிசையாக வரைவதைவிடச் சீட்டு நல்லது. மூன்றாவதை ஐந்தாவதாக மாற்றவோ ஒன்றைத் தூக்கி எறியவோ எதையும் திரும்ப வரைய வேண்டாம்.

கதை இது. இரவு நேரம் கழித்து வரும் மகன், செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு பூனை நடையில் வீட்டுக்குள் நுழைகிறான். கூடத்தில் எதிரே அப்பா. பின்வாசல் வழியாக அவரும் அதேபோல் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு வந்துகொண்டிருக்கிறார். விளக்கு எரிகிறது. அம்மா பார்த்துவிட்டாள்.

## அறிகுறி: மனதில் 20 விநாடி, கடிகாரத்தில் 34

சீட்டில் விநாடி எழுதாமல் விட்டிருப்பதுதான் பெரும்பாலும் காரணம். எழுதியிருந்தாலும் கண்ணால் படித்து எழுதியிருப்பீர்கள். ‘கதவைத் திறந்து உள்ளே வருகிறான்’ என்று படிக்க ஒரு விநாடி. செய்ய மூன்று விநாடி. எனவே ஸ்டாப்வாட்சை ஓடவிட்டு, எழுந்து நின்று ஒவ்வொரு சீட்டையும் நடித்துப் பாருங்கள். செருப்பை உண்மையாகவே கழற்றுங்கள். வந்த எண்ணைச் சீட்டில் எழுதிக் கூட்டுங்கள்.

நம் கதையை முதலில் எழுதியபடி நடித்தால் இப்படி வரும்: நண்பன் பைக்கில் இறக்கிவிடுகிறான் 4, கேட் திறப்பது 3, செருப்பைக் கழற்றுவது 3, கதவு 3, கூடத்தில் நடப்பது 5, காலில் டம்ளர் இடறுவது 2, மகன் முகம் 2, அப்பா வருவது 3, இருவரும் நேருக்கு நேர் நின்று பேசுவது 5, விளக்கு 2, அம்மா முகம் 2. மொத்தம் 34.

அடுத்தது வசனம். “நீங்க எங்கப்பா போயிட்டு வரீங்க?” “நீ எங்கடா போயிட்டு வர?” என்று இரண்டே வரிதான். ஆனால் திகைத்து, கிசுகிசுத்துப் பேசும்போது விநாடிக்கு இரண்டு சொல்கூடத் தேறாது. அதனால்தான் ஐந்து விநாடி போயிற்று. இருவர் கையிலும் செருப்பு இருக்கும்போது இந்தக் கேள்வியை யாரும் வாய்விட்டுக் கேட்க வேண்டியதில்லை. ஒருவர் மற்றவர் கையைப் பார்த்தால் போதும், மூன்று விநாடியில் முடிந்துவிடும்.

அதன் பிறகும் மீறினால், கதை தொடங்கும் இடம் தவறு என்று பொருள். ஒவ்வொரு சீட்டாக எடுத்து மறைத்துவிட்டு மிச்சத்தை யாரிடமாவது காட்டுங்கள். கதை புரிந்தால் அந்தச் சீட்டு வேண்டாம். பைக், கேட், கதவு மூன்றும் இந்தச் சோதனையில் போய்விடும், ஏனென்றால் வாசலில் செருப்பைக் கழற்றிக் கையில் எடுப்பதிலேயே ‘நேரமாகிவிட்டது, யாருக்கும் தெரியக்கூடாது’ என்பது வந்துவிடுகிறது. அம்மா முகமும் போகிறது. ஏன் என்பதைக் கடைசிக் கட்டம் பற்றிய தலைப்பில் சொல்கிறோம். நான்கும் சேர்ந்து 12 விநாடி. கூடத்தில் நடப்பதிலும் பேச்சிலும் இரண்டிரண்டு குறைத்தால் 18. மிச்சம் இரண்டு விநாடியைச் செருப்பின் க்ளோஸ் ஷாட்டுக்குக் கொடுக்கலாம். கதையே அந்தச் செருப்பில்தான் நிற்கிறது என்பதால் அது அவசியமான செலவு.

திருந்திய எட்டுச் சீட்டு:

1. வாசல், முழு உருவம், செருப்பைக் கழற்றுகிறான்: 3
2. க்ளோஸ், இரண்டு விரல் செருப்பைத் தூக்குகின்றன: 2
3. கூடம், இடமிருந்து வலமாகப் பூனை நடை: 3
4. க்ளோஸ், காலில் எவர்சில்வர் டம்ளர் இடறி உருள்கிறது: 2
5. க்ளோஸ், மகன் முகம், உறைந்து நிற்கிறான்: 2
6. வலமிருந்து இடமாக அப்பா, கையில் செருப்பு: 3
7. இருவரும் எதிரெதிரே, செருப்பைப் பார்க்கிறார்கள்: 3
8. விளக்கு எரிகிறது, இருவரும் திரும்புகிறார்கள்: 2

எட்டுச் சீட்டிலும் அடங்காமல் அடம்பிடித்தால் கையில் இருப்பது இரண்டு கதை. ஒன்றை எடுத்து வேறு சீட்டுக்கட்டாக வைத்துவிடுங்கள். வேகமாக நடிக்கச் சொல்லி நேரத்தைக் குறைக்க முயலாதீர்கள். பூனை நடையை வேகமாக நடந்தால் அது பூனை நடையாகவே இருக்காது.

## அறிகுறி: காட்டினால் ‘இது யாரு?’ என்று கேட்கிறார்கள்

எல்லாக் குச்சி மனிதரும் ஒரே மாதிரி இருக்கிறார்கள். ஆளுக்கு ஓர் அடையாளம் கொடுங்கள், எட்டுச் சீட்டிலும் அதையே தொடருங்கள். மகனுக்கு நெற்றியில் மூன்று கோடு முடி, அப்பாவுக்கு மீசையும் இடுப்பில் வேட்டி முக்கோணமும். இதற்குமேல் வரைந்தால் கை களைத்து ஐந்தாவது சீட்டில் விட்டுவிடுவீர்கள்.

எந்தப் பக்கம் பார்க்கிறார்கள் என்று தெரியாததும் இதே கோளாறுதான். வெறும் வட்டத்துக்குத் திசை கிடையாது. வட்டத்தின் ஓரத்தில் சின்னதாக ஒரு மூக்கை முளைக்க விடுங்கள். ஐந்தாவது சீட்டில் மூக்கு வலப்பக்கம் இருந்தால் அவன் வலப்பக்கம் ஏதோ கேட்டிருக்கிறான் என்று பார்ப்பவர் தானாகப் புரிந்துகொள்வார்.

அம்புக்குறியைப் பார்த்து யாராவது குழம்பினால், ஆள் நகர்வதையும் கேமரா நகர்வதையும் ஒரே அம்பால் காட்டியிருக்கிறீர்கள். ஆள் நகரும் அம்பைக் கட்டத்துக்குள்ளும் கேமரா நகரும் அம்பைக் கட்டத்துக்கு வெளியேயும் போடுங்கள். 20 விநாடிக் கதையில் வெளி அம்பு ஒன்றுக்குமேல் இருந்தால் ஒவ்வொன்றையும் ஏன் என்று கேட்டுப் பாருங்கள். நம் கதையில் ஒன்றுகூட இல்லை.

சோதனை எளிது. கதையைக் கேட்டிராத ஒருவரிடம் சீட்டுகளைக் கொடுத்து, எழுத்து வரிகளைக் கையால் மறைத்துக்கொண்டு, படத்தை மட்டும் பார்த்துக் கதை சொல்லச் சொல்லுங்கள். அவர் தடுமாறும்போது விளக்கம் கொடுக்காதீர்கள். அவர் எந்தச் சீட்டில் நின்றாரோ அதன் பின்புறம் ஒரு புள்ளி வையுங்கள். இதையே மூன்று பேரிடம் தனித்தனியாகச் செய்யுங்கள். ஒருவர் மட்டும் நின்றால் விட்டுவிடலாம். மூன்று பேரும் ஒரே சீட்டில் நின்றால் அதை அழித்து வரைய வேண்டும்.

## அறிகுறி: எல்லாக் கட்டத்திலும் ஆள் தலை முதல் கால் வரை நிற்கிறான்

வரைபவர் எல்லாருக்கும் வருவது இது. கட்டத்தைப் போட்டுவிட்டு அதற்குள் முழு ஆளையும் அடைக்கப் பார்க்கிறோம். முறையைத் தலைகீழாக்குங்கள்: முதலில் ஒரு கழிவுத் தாளில் ஆளை முழுதாக, பெரிதாக வரையுங்கள். ஓர் அட்டையில் 4.5 × 8 செ.மீ. அளவில் சன்னல் வெட்டி, அந்தப் படத்தின்மேல் நகர்த்துங்கள். முகத்தில் நிறுத்திப் பாருங்கள், செருப்பில் நிறுத்திப் பாருங்கள். எதைக் காட்டினால் அந்த நொடி புரிகிறதோ அதை மட்டும் சீட்டில் வரையுங்கள்.

எங்கே வெட்டுவது என்பதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. கட்டத்தின் ஓரம் சரியாகக் கழுத்திலோ முட்டியிலோ கணுக்காலிலோ விழுந்தால் படம் அரைகுறையாகத் தோன்றும். நெஞ்சிலோ இடுப்புக்குச் சற்றுக் கீழேயோ தொடையிலோ விழட்டும்.

முழு உருவம் நிறையத் தேவைப்படுகிறது என்று தோன்றினால், அடுத்தடுத்த இரண்டு சீட்டைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆளும் அளவும் ஒன்றாக இருந்தால், ஒட்டும்போது படம் துள்ளியது போலத் தெரியும். ஒன்று, அளவை நன்றாக மாற்றுங்கள். இல்லையேல் இரண்டையும் ஒரே ஷாட்டாக்குங்கள்.

## அறிகுறி: இருவரும் எதிரெதிரே வரவில்லை, ஒருவர் பின்னால் ஒருவர் போவது போல இருக்கிறது

தாளில் பிடிக்காவிட்டால் எடிட்டிங்கில் மிகவும் தாமதமாகத் தெரியவரும் கோளாறு இது. மூன்றாவது சீட்டில் மகன் இடமிருந்து வலமாக நடக்கிறான். ஆறாவதில் அப்பாவும் இடமிருந்து வலமாக நடந்தால், பார்ப்பவர் கண்ணுக்கு அப்பா மகனைப் பின்தொடர்கிறார். கதையே வேறாகிவிடும்.

முதலில் மூக்கைப் பாருங்கள். எட்டுச் சீட்டையும் வரிசையாகப் பரப்பி மூக்குத் திசையை மட்டும் விரலால் தொட்டுக்கொண்டே போங்கள். மகன் மூக்கு எப்போதும் வலம், அப்பா மூக்கு எப்போதும் இடம். எங்காவது மாறியிருந்தால் பெரும்பாலும் கை தவறி வரைந்ததுதான். அழித்துத் திருப்பினால் முடிந்தது.

வரைந்தது சரி, எடுக்கும்போது மாறிவிடுமோ என்ற ஐயம் இருந்தால் ஒன்பதாவது சீட்டை எடுத்து, கூடத்தை மேலிருந்து பார்ப்பது போல வரையுங்கள். வாசல் ஒரு முனை, பின்வாசல் மறுமுனை, நடுவே இருவரும் சந்திக்கும் இடத்தில் ஒரு புள்ளி. வாசலிலிருந்து பின்வாசல் வரை ஒரு கோடு இழுங்கள். கூடத்தில் எடுக்கும் ஒவ்வொரு ஷாட்டுக்கும் கேமரா நிற்கும் இடத்தில் ‘V’ வடிவம் போட்டுச் சீட்டு எண்ணை எழுதுங்கள். எல்லா ‘V’யும் கோட்டின் ஒரே பக்கம் இருக்க வேண்டும். ஆறாவது மட்டும் எதிர்ச்சுவரில் நின்றால் அப்பாவின் திசை திரையில் தலைகீழாகும். வீட்டில் ஃபிரிஜ் மறைக்கிறது, அந்தப் பக்கம் நின்றுதான் எடுக்க முடியும் என்றால், எல்லா ‘V’யையும் அந்தப் பக்கத்துக்கு மாற்றி எல்லா மூக்கையும் திருப்பி வரையுங்கள்.

## அறிகுறி: கடைசிக் கட்டம் சப்பென்று இருக்கிறது

ஆறாவது, ஏழாவது, எட்டாவது சீட்டுகளைக் கையால் மூடிக்கொண்டு ‘அடுத்து என்ன நடக்கும்?’ என்று கேளுங்கள். ‘அப்பாவிடம் மாட்டிக்கொள்வான்’ என்று பதில் வந்தால் நல்லது, கதை அவரை அப்படித்தான் நினைக்க வைக்க வேண்டும். ‘அப்பாவும் திருட்டுத்தனமாக வருவார்’ என்று வந்தால் எங்கோ முன்கூட்டியே கசிந்துவிட்டது. முதல் சீட்டின் பின்னணியில், வாசலில் அப்பாவின் செருப்பு இல்லாததையோ காலியான ஸ்கூட்டர் இடத்தையோ வரைந்திருக்கிறீர்களா என்று தேடுங்கள். அழித்துவிடுங்கள்.

கசிவு இல்லை, ஆனாலும் சிரிப்பு வரவில்லை என்றால், பார்ப்பவருக்குத் திருப்பத்தை உள்வாங்க நேரம் இல்லை. அப்பா வருவதையும் இருவரும் பார்த்துக்கொள்வதையும் ஒரே சீட்டில் அடைத்திருப்பீர்கள். ஆறாவது சீட்டில் அப்பா மட்டும் வரட்டும், செருப்பு கண்ணில் படட்டும். ஏழாவதில்தான் இருவரும் ஒரே கட்டத்துக்குள் வர வேண்டும்.

இதிலும் சரியாகவில்லை என்றால் முடிவு தவறான முகத்தில் நிற்கிறது. அம்மா முகத்தில் முடித்தபோது நடந்தது அதுதான். பார்ப்பவர் காண விரும்புவது மாட்டிக்கொண்ட இரண்டு பேரை. அந்த நேரத்தில் அவர்களை விட்டு அம்மாவிடம் தாவினால் சிரிப்பு பாதியில் அறுந்துவிடும். சுவிட்ச் சத்தம், வளையல் சத்தம் இரண்டையும் எட்டாவது சீட்டின் சத்த வரியில் எழுதுங்கள். அம்மா கேமராப் பக்கம் நிற்கிறாள் என்பதை இருவரின் பார்வையே சொல்லிவிடும்.

சீட்டுகளை மாற்றி மாற்றிப் பார்த்தும் தீர்மானம் வரவில்லை என்றால், ஒவ்வொரு சீட்டையும் கைபேசியில் படம் எடுத்து எடிட்டிங் ஆப்பில் அந்தந்த விநாடிக்கு வைத்து, டம்ளரை உருட்டிச் சத்தம் பதிந்து ஓட்டிப் பாருங்கள். கொஞ்ச நேரம் பிடிக்கும். ஆனால் ஏழாவது சீட்டுக்கு மூன்று விநாடி போதுமா, நான்கு வேண்டுமா என்பதைத் தாளில் பார்த்துச் சொல்ல முடியாது, ஓடும்போது முதல்முறையிலேயே தெரிந்துவிடும்.

## அறிகுறி: தாளில் சரி, எடுக்கப் போனால் அடங்கவில்லை

### செருப்பு தெரியவில்லை

நிறுத்திப் பிடித்த வீடியோவைப் பதிவேற்றினால் கீழ்ப்பகுதியில் பெயரும் வரிகளும், வலது ஓரத்தில் பொத்தான்களும் ஏறி உட்கார்ந்துகொள்ளும். கையைத் தொங்கவிட்டபடி அப்பாவை வரைந்தால் செருப்பு சரியாக அந்த எழுத்துகளுக்குப் பின்னால் போய்விடும். கட்டத்தின் அடியில் 2 செ.மீ.யும் வலது ஓரத்தில் அரை செ.மீ.க்குச் சற்றுக் கூடுதலாகவும் லேசாகப் பென்சிலால் நிழலிட்டுவிட்டு, முக்கியமானது எதையும் அங்கே வரையாதீர்கள். செருப்பை நெஞ்சோடு அணைத்துப் பிடிக்கட்டும். அப்படிப் பிடித்தால் பயமும் கூடித் தெரிகிறது.

### பின்னால் போக இடமில்லை

ஏழாவது சீட்டில் இருவர் எதிரெதிரே நிற்க ஏறத்தாழ 5 அடி அகலம் வேண்டும். சாதாரணக் கைபேசியின் முதன்மைக் கேமராவை நிறுத்திப் பிடித்து அந்த அகலத்தை அடக்க 6, 7 அடி பின்னால் போக வேண்டும். வீடியோ ஆடாமல் இருக்க ஸ்டெபிலைசேஷனை இயக்கினால் ஓரங்கள் வெட்டுப்படும், இன்னும் பின்னால் போக வேண்டும். எனவே வரைந்த அன்றே கேமராவைத் திறந்து அந்த இடத்தில் நின்று பாருங்கள்; பதிவு செய்ய வேண்டியதில்லை.

இடம் போதாவிட்டால் முதலில் இருவரையும் நெருங்கி நிற்க வைத்து, நெஞ்சுக்கு மேல் மட்டும் தெரியும்படி சீட்டைத் திருத்துங்கள். 3 அடி அகல நடைவழியில்தான் எடுக்க முடியும் என்றால் பக்கவாட்டிலிருந்து எடுக்கவே முடியாது. நடைவழியின் ஒரு முனையில் நின்று, மகனின் தோளுக்குப் பின்னாலிருந்து அப்பாவைப் பார்ப்பது போல வரையுங்கள். அகலக் கோண லென்ஸை நாடுவது கடைசி வழி. ஓரத்தில் நிற்பவர் முகம் இழுபட்டுத் தெரியும்.

### இருட்டில் ஒன்றும் விழவில்லை

‘இரவு’ என்று எழுதினால் போதாது. ஒவ்வொரு சீட்டிலும் வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று ஒரு சின்ன பல்பும் கோடும் போடுங்கள். வெளிச்சமே இல்லாத அறையில் கைபேசி புள்ளி புள்ளியாகத்தான் எடுக்கும். சன்னலுக்கு வெளியே ஒரு விளக்கை வைத்து, அந்த வெளிச்சம் ஒரு பக்கம் விழும்படி எடுங்கள். இருட்டுப் பக்கத்தைச் சீட்டில் பென்சிலால் தேய்த்துக் காட்டினால் எந்த முகம் நிழலில் போகிறது என்று முன்பே தெரியும்.

எட்டாவது சீட்டில் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. விளக்கு எரிந்ததும் கைபேசி தானாக வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளும், திடுக்கிடல் போய்விடும். சீட்டிலேயே ‘வெளிச்சம் பூட்டு’ என்று எழுதிவையுங்கள். விளக்கை எரியவிட்டு, பெரும்பாலான கைபேசிகளில் திரையை அழுத்திப் பிடித்தால் ஃபோகஸும் வெளிச்சமும் பூட்டிக்கொள்ளும். பிறகு விளக்கை அணைத்துப் பதிவைத் தொடங்குங்கள். முதலில் நிழலுருவமாகத் தெரிவார்கள், விளக்கு எரிந்ததும் முகம் தெளியும்.

## எப்போது ஆளைக் கூப்பிட வேண்டும்

நம் செருப்புக் கதைக்கு யாரும் தேவையில்லை. அதே கதையில் மகன் மதில் ஏறிக் குதிக்கிறான் என்று ஒரு சீட்டு வந்தால், அல்லது ஓடும் வண்டி, நெருப்பு, கிணற்றடி வந்தால், அந்தச் சீட்டில் சிவப்பு மையால் வட்டம் போடுங்கள். சண்டைப் பயிற்சியாளரோ அனுபவமுள்ள உதவி இயக்குநரோ வந்து பார்க்காமல் அதை எடுக்கக் கூடாது. பல சமயம் அவர்கள் சொல்வது ‘குதிப்பதைக் காட்டாதே, கால் மண்ணில் ஊன்றும் க்ளோஸ் மட்டும் எடு’ என்பதாகத்தான் இருக்கும். அதை நீங்களே சீட்டில் மாற்றிவிட்டால் ஆளே வேண்டாம்.

தெருவில் இரவுக் காட்சி, மெயின் லைனிலிருந்து பெரிய விளக்குகள் என்றால் ஒளிப்பதிவாளரும் எலக்ட்ரீஷியனும் தேவை. அவர்களிடம் எட்டுச் சீட்டையும் மேலிருந்து பார்க்கும் வரைபடத்தையும் கொடுத்துவிட்டுப் பேசுங்கள். எத்தனை விளக்கு, எங்கே என்று அதைப் பார்த்தே சொல்லிவிடுவார்கள்.

வேறொருவர் காசில் எடுக்கும் விளம்பரமாக இருந்து, குச்சி மனிதரைப் பார்த்து அவர் ஒப்புதல் தரத் தயங்கினால், ஸ்டோரிபோர்டு ஆர்ட்டிஸ்டிடம் போகலாம். எட்டையும் வரையச் சொல்ல வேண்டியதில்லை. முதலாவது, ஆறாவது, எட்டாவது மூன்றையும் அழகாக வரைந்து வாங்கி, மற்றவற்றைக் குச்சியாகவே வைத்தாலும் பார்ப்பவருக்குக் கதை பிடிபடும். சீட்டில் கட்டத்தின் அளவு, மூக்குத் திசை, விநாடி மூன்றும் குறித்திருந்தால் ஆர்ட்டிஸ்ட் உங்களிடம் திரும்பக் கேட்க வேண்டியது முகச்சாயலும் உடையும் மட்டும்தான்.